பதினாறாம் தேதி யார் வைத்தது?

2024 அக்டோபரில் என் மேசையில் நடந்தது இது. கோவையில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் அப்போது நான் கணக்குப் பிரிவில் இருந்தேன். கணக்கு என்றால் நான், எனக்குக் கீழே கொள்முதல் பில் பதியும் ஒரு பெண், எங்களுக்கு மேலே மேனேஜர். ஐம்பதைத் தாண்டியவர், நல்ல மனிதர். எம்.டி. எதைச் சொன்னாலும் அதை அன்றைக்கே யார் தலையிலாவது வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். பெரும்பாலும் அந்தத் தலை என்னுடையது.

கணக்கு வேலையில் இருப்பவர்களுக்கு அந்த அக்டோபர் ஞாபகம் இருக்கும். விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன் போடக் கடைசி நாளான 11ஆம் தேதி அன்றைக்கே ஆயுத பூஜை. மறுநாள் விஜயதசமி, அதற்கடுத்த நாள் ஞாயிறு. மாத ஜிஎஸ்டி வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்னான 3பி-யின் கடைசி நாள் 20, அதுவும் ஞாயிறு. இரண்டாம் காலாண்டின் டிடிஎஸ் ரிட்டர்ன் 31ஆம் தேதி, அன்றைக்குத்தான் தீபாவளி. தீபாவளி என்றால் போனஸ். போதாததற்கு டாக்ஸ் ஆடிட்டுக்கான தேதியை ஒரு வாரம் நீட்டி அக்டோபர் 7 ஆக்கியிருந்தார்கள். அதனால் அந்த வாரத் திங்கட்கிழமை வரை ஆடிட்டர் ஆபீஸ் கேட்ட தாள்களைத் தேடிக்கொண்டிருந்தோம்.

மறுநாள், 8ஆம் தேதி செவ்வாய், மாலை ஐந்தே முக்கால் இருக்கும். டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் வந்து நின்றார்.

“ஏம்மா, பேங்க் லிமிட் ரினியூவல் வருதில்ல. அந்த சிஎம்ஏ டேட்டாவ இந்த வாட்டி நாமளே போட்டுடலாம். ஆடிட்டர் ஆபீஸ்ல குடுத்தா அதுக்கு ஒரு பீஸ். பதினாறாந்தேதி எனக்கு வேணும்.”

வங்கியில் கேஷ் கிரெடிட் லிமிட், அதாவது தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் கடன் வரம்பு, வைத்திருக்கும் கம்பெனிகள் அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது கொடுக்கும் கணக்குத் தொகுப்புதான் சிஎம்ஏ. போன இரண்டு ஆண்டுகளின் நிஜக் கணக்கு, நடப்பு ஆண்டின் மதிப்பீடு, வரும் ஆண்டின் எதிர்பார்ப்பு எல்லாம் ஒரே அமைப்பில் வர வேண்டும். விற்பனை, சரக்கு இருப்பு, வரவேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி, இவற்றை வைத்து எவ்வளவு லிமிட் கேட்கிறோம் என்ற கணக்கும் உண்டு. ஒரு பக்கத்தில் எண் மாறினால் மற்ற பக்கங்களும் மாறும். எக்செல் இருந்தாலும் தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை.

அந்த நேரத்தில் என் வாயில் வந்திருக்க வேண்டியது “சரிங்க சார்”. ஜூலையில் அப்படித்தான் சொன்னேன். நம் ஆபீஸ்களில் “சரி”க்கு இரண்டு அர்த்தம் உண்டு. சொல்பவர் “நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு” என்ற அளவில் சொல்லியிருப்பார். கேட்பவர் “செய்து தருகிறேன்” என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஜூலையில் 3பி வாரத்தில் பாக்கிப் பட்டியல் ஒன்றைக் கூடுதலாகக் கேட்டார். நான் சொன்ன “சரி” வாக்குறுதியாகிவிட்டது. நேரம் போதாமல், கொள்முதல் பதிவை, சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் தரும் 2பி பட்டியலோடு ஒத்துப்பார்க்கும் வேலையைப் பாதியில் விட்டு ரிட்டர்னைப் போட்டேன். ஸ்டோரில் தங்கிவிட்ட சில பில்கள் எங்கள் புத்தகத்தில் ஏறவே இல்லை. அவற்றில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் வரி வரவை எடுக்காமல் எண்பத்தாறாயிரம் ரூபாய் கூடுதலாகப் பணமாகக் கட்டிவிட்டோம். அடுத்த மாதம் அதைச் சரிக்கட்டிக்கொண்டோம், நஷ்டம் என்று எதுவும் இல்லை. ஆனால் அந்த வாரம் கூலிக்குப் பணம் இழுபறியானது. எம்.டி. முன்னால் போய் நின்று விளக்கம் சொன்னவர் மேனேஜர்.

ஆகவே இந்த முறை “சரி”யைத் தவிர்த்தேன். “குறிச்சுக்கிட்டேனுங்க சார். கையில இருக்கறத ஒருக்கா பாத்துட்டு நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்து சொல்றேனுங்க” என்றேன். அவர் “பாரு, பாரு” என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த இடத்திலேயே முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று பிறகு ஒரு தோழி கேட்டாள். முடியாது என்பதற்குக் காரணம் என் மனசில்தான் இருந்தது, தாளில் இல்லை. தாளில் இல்லாத காரணம் அவர் காதில் அலுப்பாகத்தான் விழும். பக்கத்து மேசையில் இரண்டு பேர் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் மறுத்தால், வேலையைப் பற்றிய பேச்சு மரியாதையைப் பற்றிய பேச்சாகிவிடும்.

அன்று இரவு வீட்டில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன். 9ஆம் தேதியிலிருந்து 19ஆம் தேதி சனிக்கிழமை வரை, விடுமுறை போக எட்டு வேலை நாள். ஒன்பதரையிலிருந்து ஆறு வரை ஆபீஸ் என்றாலும், சாப்பாடு, டீ, கூப்பிட்டால் எழுந்து போவது எல்லாம் கழித்தால் நாளுக்கு ஆறரை மணி நேரம்தான் கையில் நிற்கும். மொத்தம் 52 மணி. என் வேலைகளை மட்டும் எழுதினேன், உதவியாளர் செய்வதைச் சேர்க்கவில்லை.

| வேலை | மணி | தேதி | தேதி யார் வைத்தது |
|---|---|---|---|
| ஜிஎஸ்டிஆர்-1 | 11 | 11 (பூஜை, எனவே 10) | சட்டம் |
| பி.எஃப்., இ.எஸ்.ஐ. | 5 | 15 | சட்டம் |
| வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட், வங்கிக் கணக்கு ஒத்துப்பார்த்தல் | 6 | 15 | வங்கி |
| 2பி ஒத்துப்பார்த்தல் | 14 | 14க்குப் பிறகுதான் தொடங்கலாம் | சட்டம் |
| 3பி | 4 | 20 (ஞாயிறு, எனவே 19) | சட்டம் |
| போனஸ் ஷீட் | 7 | 19 | எம்.டி. |
| தினப்படி செக், போன், ரொக்கம் | 8 | தினமும் | — |
| சிஎம்ஏ | 16 | 16 | ? |

சிஎம்ஏ இல்லாமலே 55. அதையும் சேர்த்தால் 71.

முதலில் சிஎம்ஏ-வுக்கு 20 என்று போட்டிருந்தேன். பேரம் பேச இடம் வேண்டுமே என்ற எண்ணம்தான். பிறகு அடித்துவிட்டு 16 என்று எழுதினேன். மேனேஜரும் இந்த நாற்காலியில் இருந்து மேலே போனவர்தான். 2பி பார்க்க எத்தனை நேரமாகும் என்று அவருக்கே தெரியும். ஒரு எண்ணில் ஊதியிருக்கிறேன் என்று பட்டுவிட்டால் மற்ற ஏழு எண்களையும் நம்ப மாட்டார்.

இந்தத் தாளில் வேலை செய்வது மணிக் கணக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நடந்தது வேறு. ‘தேதி யார் வைத்தது’ என்ற இடத்தில் சிஎம்ஏ-வுக்கு நான் போட்ட அந்தக் கேள்விக்குறிதான் எல்லாவற்றையும் மாற்றியது.

காலை பத்து மணிக்குப் போனேன். உட்காரச் சொன்னார். தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“இதெல்லாம் மாசாமாசம் செய்யறதுதானே?”

“ஆமாங்க சார், மாசாமாசம் செய்யறதுதானுங்க. இந்த மாசம் பூஜைக்கு ரெண்டு நாள் போகுது, போனஸ் ஷீட்டும் கூடச் சேந்திருக்குதுங்க.”

“எல்லாருக்கும்தான் வேலை இருக்குது. நான் என்ன சும்மாவா உக்காந்திருக்கறேன்?”

இங்கேதான் பேச்சு வழக்கமாகக் கெட்டுப்போகும். அவர் பாரத்தையும் என் பாரத்தையும் தராசில் வைத்தால் நான் தோற்பேன். சம்பளத்திலும் வயதிலும் அவர் பக்கம்தான் தாழும். நான் அதற்குப் பதிலே சொல்லவில்லை. கேள்விக்குறி மேல் பேனாவை வைத்துக் கேட்டேன்.

“பேங்க்ல என்னைக்குள்ள கேட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா, அதுக்கேத்த மாதிரி வெச்சுக்கலாமுங்க சார்.”

“பதினாறு யார் சொன்னது” என்று கேட்டிருந்தால் அது குறுக்கு விசாரணை. கேட்கும் விஷயம் ஒன்றுதான். ஆனால் வங்கியின் தேதியைக் கேட்டால் அவரும் நானும் மேசையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து வங்கியைப் பார்க்கிறோம்.

அவர் கொஞ்சம் யோசித்தார். லிமிட் முடிவது நவம்பர் 18. பேப்பரை இந்த மாதக் கடைசிக்குள் கொடுத்தால் போதும் என்றுதான் கிளையில் சொன்னார்களாம். அப்புறம் ஏன் பதினாறு? எம்.டி. 21ஆம் தேதி ஊருக்குக் கிளம்புகிறார், 28ஆம் தேதிதான் திரும்புவார். அவர் போவதற்குள் அடுத்த வருஷம் எவ்வளவு விற்பனை காட்டுவது, லிமிட்டை எவ்வளவு உயர்த்திக் கேட்பது என்று முடிவு வாங்கிவிட வேண்டும். அதற்கு இரண்டு மூன்று நாள் இடம்விட்டு மேனேஜர் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட தேதி அது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அந்தக் காரணம் அவர் மண்டையிலேயே இருந்தது, தேதி மட்டும் என்னிடம் வந்து சேர்ந்தது.

காரணம் தெரிந்ததும் வேலையே சின்னதாகிவிட்டது. எம்.டி.யின் முடிவு வேண்டியது ஒரே ஒரு பக்கத்துக்குத்தான்: வரும் ஆண்டின் விற்பனை எதிர்பார்ப்பும் கேட்கப்போகும் லிமிட்டும். மற்ற பக்கங்களில் பெரும்பாலானவை ஆடிட் முடிந்த கணக்கிலிருந்து எடுத்து நிரப்புவது. அவற்றை எம்.டி. புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார், கடைசியில் கையெழுத்துதான் போடுவார். அந்த ஒரு பக்கத்துக்கு எனக்கு ஐந்து மணி நேரம் போதும்.

அதற்கப்புறம்தான் நான் இரண்டு வழி வைத்தேன். ஒன்று, எதிர்பார்ப்புப் பக்கம் 16ஆம் தேதி, மீதி சிஎம்ஏ 25ஆம் தேதி, போனஸ் ஷீட்டின் முதல் வடிவத்தை, தொழிலாளர் வருகைப் பதிவைப் பார்க்கும் டைம் ஆபீஸில் இருப்பவர் போடட்டும், சரிபார்ப்பது நான். இன்னொன்று, முழு சிஎம்ஏ-வையும் ஆடிட்டர் ஆபீஸுக்கே கொடுத்துவிடுவது, எதிர்பார்ப்பு எண்களை மட்டும் நாம் தருவது. இரண்டாவதில் காசு செலவு, முதலாவதில் டைம் ஆபீஸ்காரரிடம் பேச வேண்டிய வேலை மேனேஜருக்கு. “உங்களுக்கு எது சௌகரியமோ அப்படி வெச்சுக்கலாமுங்க” என்று விட்டுவிட்டேன். மூன்றாவதாக ஒன்று வைத்திருந்தால் அவர் எதையும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார், “பாத்து செய்” என்று சொல்லியிருப்பார். எனக்குத் தெரிந்த ஆபத்தான இரண்டு சொற்கள் அவை.

முதல் வழி என்றார்.

அபராதத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 3பி தாமதமானால் நாளுக்கு ஐம்பது ரூபாய். பணமாகக் கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஐம்பது ரூபாயைக் காட்டிப் பயமுறுத்தினால் எந்த மேனேஜரும் சிரிப்பார். அவருக்கு உறைப்பது வேறு. 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போகாவிட்டால் 14ஆம் தேதி உருவாகும் வாடிக்கையாளரின் 2பி-யில் எங்கள் பில் ஏறாது. அவர்கள் வரி வரவு எடுக்க முடியாமல் எங்கள் பாக்கியை நிறுத்திவைத்துக்கொண்டு நேராக மேனேஜரின் செல்லுக்குத்தான் போன் போடுவார்கள். அதையும் நான் சொல்லிக் காட்டவில்லை. தாளில் 10 என்ற தேதியே போதுமாக இருந்தது.

என் மேசைக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி எழுதினேன். முதலில் எழுதியது இது:

“சார், ஏற்கெனவே வேலை அதிகமாக இருப்பதால் 16க்குள் சிஎம்ஏ முடிக்க இயலாது. 25ஆம் தேதி தருகிறேன்.”

படித்துப் பார்த்தேன். அறையில் நடந்தது ஒரு ஏற்பாடு. இதில் அது புகாராகிவிட்டது. நாளைக்கு எம்.டி. இந்தத் திரையைப் பார்த்தால் மேனேஜர் என்னை அடக்க முடியாதவர் போலத் தெரியும். அழித்துவிட்டு இப்படி அனுப்பினேன்:

“சார், காலையில் பேசியபடி: எதிர்பார்ப்புப் பக்கம் 16 மாலை உங்கள் மேசையில். மீதி சிஎம்ஏ 25. போனஸ் ஷீட் டைம் ஆபீஸ், சரிபார்ப்பு நான். 3பி-க்கான தொகையை 17 அன்று சொல்லிவிடுகிறேன், 19 காலைக்குள் கணக்கில் பணம் வேண்டும்.”

கட்டை விரல் ஒன்று பதிலாக வந்தது.

எல்லாம் சொன்னபடி நடந்ததா என்றால், இல்லை. 55இலிருந்து போனஸ் ஷீட்டின் ஏழைக் கழித்து, சரிபார்ப்புக்கு ஒன்று, எதிர்பார்ப்புப் பக்கத்துக்கு ஐந்து சேர்த்தால் 54. கையில் 52. இரண்டு நாள் ஒரு மணி நேரம் கூட இருந்து ஈடுகட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். டைம் ஆபீஸ்காரர் போட்டுக் கொடுத்த போனஸ் ஷீட்டில் ஆண்டின் நடுவில் வேலையை விட்டுப்போன நான்கு பேர் இல்லை. அந்த ஆண்டில் முப்பது நாள் வேலை செய்திருந்தாலே போனஸுக்கு உரிமை உண்டு. அவர் அன்றைக்கு மஸ்டரில் இருந்தவர்களை மட்டும் எடுத்திருந்தார். ஒரு மணி நேரச் சரிபார்ப்பு மூன்று மணி நேரமானது. தெரியாத ஆளுக்கு வேலையைக் கைமாற்றும்போது சரிபார்க்கும் நேரத்தை எப்போதும் குறைவாகவே போடுகிறோம், நானும் போட்டேன்.

2பி-யிலும் ஒரு புதுசு. சப்ளையர் பில்களை ஏற்கவோ நிராகரிக்கவோ ஐஎம்எஸ் என்று ஒரு பகுதியை அந்த மாதம்தான் போர்ட்டலில் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டாலும் ஏற்றதாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால் அதை அந்த மாதம் அப்படியே விட்டுவிட்டேன். நேரம் இருந்திருந்தால் பார்த்திருப்பேன்.

17ஆம் தேதி வியாழன் மதியம் மேனேஜர் மறுபடி வந்தார். புது வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு காஸ்ட் ஷீட். “அஞ்சு நிமிஷ வேலைம்மா.” நான் தைரியம் வந்தவளாக, “அந்தப் பேப்பர்ல எதுக்கு முன்னால வெச்சுக்கட்டுமுங்க சார்?” என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. “எல்லாத்துக்கும் அந்தப் பேப்பரா?”

தவறு என்னுடையது. அந்தத் தாளை எடுப்பதற்கு ஒரு அளவு வேண்டும். 16 மணி நேர வேலைக்கு எடுத்தால் அது திட்டம், அரை மணி நேர வேலைக்கு எடுத்தால் அது கேடயம். “கொடுங்க சார்” என்று வாங்கிச் செய்துவிட்டேன். நாற்பது நிமிடம் ஆனது. இப்போதெல்லாம் மூன்று மணி நேரத்துக்குள் முடிவதைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறேன், வாரத்துக்கு இரண்டுக்கு மேல் வந்தால்தான் தாள்.

3பி சனிக்கிழமை சாயங்காலம் போனது. இந்த முறை பில் எதுவும் விடுபடவில்லை. எம்.டி. எதிர்பார்ப்புப் பக்கத்தில் விற்பனையைக் கொஞ்சம் குறைத்து எழுதச் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனார். முழு சிஎம்ஏ-வையும் 16ஆம் தேதிக்கே முடித்திருந்தால் எல்லாப் பக்கத்தையும் திரும்பத் திருத்தியிருப்பேன். மீதி 25க்குப் பதில் 26 ஆனது, அதை 24ஆம் தேதியே மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அவர் கண்டுகொள்ளவில்லை. எம்.டி. 28ஆம் தேதி வந்து கையெழுத்துப் போட்டார், 29ஆம் தேதி வங்கிக்குப் போனது. டிடிஎஸ் ரிட்டர்னையும் தீபாவளிக்கு முந்தின நாள் போட்டு முடித்தோம்.

இந்த முறை எனக்குப் பலித்ததற்குக் காரணம், அந்தப் பதினாறு மேனேஜர் வைத்த தேதியாக இருந்ததுதான். அதே பதினாறு துறை அனுப்பிய நோட்டீஸுக்குப் பதில் சொல்லும் தேதியாக இருந்திருந்தால், கேள்விக்குறி இருக்கும் இடத்தில் “சட்டம்” என்று இருந்திருக்கும். நான் போனஸ் ஷீட்டையும் தினப்படி வேலையையும்தான் நகர்த்தக் கேட்டிருக்க முடியும். எல்லாமே முதல் என்று சொல்லும் மேனேஜர்களும் உண்டு. அவர்களிடம் தாள் பலிக்காது. செய்யப்போகும் வரிசையை நாமே எழுதி அனுப்பி, மாற்றம் இருந்தால் மதியத்துக்குள் சொல்லுங்கள் என்று கேட்பதுதான் அங்கே மிச்சம்.

தாளில் ஒரு எண் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சிஎம்ஏ இல்லாமலே 55, கையில் 52. அதற்கு எப்படிப் பேசினாலும் தீர்வு இல்லை, ஆள்தான் வேண்டும். நவம்பரிலும் டிசம்பரிலும் அதே மாதிரி தாள் போட்டுப் பார்த்தேன், இரண்டிலும் மூன்று நாலு மணி இடித்தது. மூன்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய், மாதத்தின் முதல் இருபது நாளுக்கு அரைநாள் ஆள் ஒருத்தர் கிடைத்தால் போதும் என்று கேட்டேன். மேனேஜர் மூன்று தாளையும் வாங்கிப் படித்து, தன் டிராயரில் வைத்துக்கொண்டு, “பொங்கல் முடியட்டும்மா” என்றார். பொங்கலுக்குப் பிறகு கேட்டேன். “மார்ச் முடியட்டும்.”